கோடு போட்ட விலை: தள்ளுபடி அறிவிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி பிறந்தால் விலைச்சீட்டுகளில் இரண்டு எண்கள் வந்துவிடும். ஒன்றின்மேல் கோடு, பக்கத்தில் அதைவிடக் குறைந்த விலை. கோடு போட்ட எண்ணைப் பார்ப்பவர், நேற்றுவரை இந்தப் பொருளை அந்த விலைக்கு விற்றார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். அப்படி விற்கவில்லை என்றால், தள்ளுபடிக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் அறிவிப்பு பொய்தான்.

ஒரு பருத்திப் புடவையை எடுத்துக்கொள்வோம். பல மாதங்களாக 1,200 ரூபாய்க்கு விற்கிறது. ஆனி கடைசி வாரத்தில் அதன் விலை 1,800 ஆகிறது. அந்த வாரம் யாரும் வாங்கவில்லை. வாங்குவார்கள் என்று கடைக்காரரும் எதிர்பார்க்கவில்லை. ஆடி முதல் தேதி 1,800இன்மேல் கோடு விழுகிறது, "40% தள்ளுபடி, 1,080 மட்டுமே" என்று சீட்டு தொங்குகிறது. வாடிக்கையாளர் 720 ரூபாய் மிச்சம் என்று நினைக்கிறார். உண்மையில் குறைந்தது 120 ரூபாய், அதாவது 10 சதவீதம். மீதி 600 ரூபாய் சீட்டில் மட்டுமே இருந்த விலை.

"ஒரு வாரம் அந்த விலை போட்டிருந்தோமே" என்பது இங்கே எடுபடாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2(47) பிரிவில், ஒரு பொருள் வழக்கமாக விற்கும் விலையைப் பற்றி மக்களைத் தவறாக எண்ணவைப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பலர் கவனிக்காத ஒரு நுணுக்கமும் அதில் உண்டு: விலையைக் குறிப்பிடும்போது அது யாருடைய விலை என்று தெளிவாகச் சொல்லாவிட்டால், சந்தையில் பொதுவாக விற்கும் விலையைத்தான் சொல்கிறீர்கள் என்று சட்டம் கொள்ளும். ஆகவே வெறும் கோடு போதாது. "எங்கள் கடையின் முந்தைய விலை" என்று எழுதுங்கள். அந்த விலையில் போட்ட பில்களையும் தேதியோடு வைத்திருங்கள்.

முந்தைய விலை எத்தனை நாள் நடப்பில் இருந்திருக்க வேண்டும் என்று இந்தியச் சட்டம் எண்ணிக்கை சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் சொல்கிறது. 2022 மே மாதம் முதல் அங்கே விலைக்குறைப்பை அறிவிப்பவர், அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும். ஜெர்மனியில் ஆல்டி ஸூட் நிறுவனம் வாழைப்பழத்துக்கு 1.69 யூரோவைப் பழைய விலையாகக் காட்டி, 1.29க்கு "23% குறைவு" என்று விளம்பரம் செய்தது. முந்தைய 30 நாட்களின் குறைந்த விலையும் 1.29தான்! அதைச் சிறிய எழுத்தில் விளம்பரத்திலேயே போட்டும் இருந்தது. அப்படிக் குறிப்பிட்டால் மட்டும் போதாது, சதவீதத்தையே அந்தக் குறைந்த விலையிலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஊர்க் கடைக்கும் இதைவிட எளிய அளவுகோல் கிடையாது. அந்தப் புடவைக்கு இதைப் பொருத்தினால் விடை 1,200. அதன்மேல்தான் கோடு போடலாம்.

அடுத்த குழப்பம் எம்.ஆர்.பி. அது அதிகபட்ச விலை. அதற்குமேல் விற்கக் கூடாது என்பதற்கான வரம்பு. நீங்கள் விற்ற விலை என்று அதற்குப் பொருளில்லை. 2,000 ரூபாய் எம்.ஆர்.பி. அச்சிட்ட மிக்சியை எப்போதும் 1,500க்கே விற்பவர், 2,000இன்மேல் வெறுமனே கோடு போட்டு "25% தள்ளுபடி" என்றால் பழைய விலை 2,000 என்ற எண்ணம்தான் வரும். "எம்.ஆர்.பி. 2,000, எங்கள் விலை 1,500" என்று எழுதினால் ஏமாற்று இல்லை. சொந்தத் தயாரிப்பை விற்பவர்கள் இங்கே இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எம்.ஆர்.பி.யை நிர்ணயிப்பதே அவர்கள்தான் என்பதால், கழிப்பதற்கென்றே ஒரு விலையை அச்சிடும் ஆசை வரும். அதை நான் முதல் வகைத் தவறோடுதான் சேர்ப்பேன்.

இணையக் கடைகளில் கெட்ட எண்ணமே இல்லாமலும் இது நடக்கிறது. இணையக் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் மென்பொருளில் `Sale price` பெட்டியில் விலையை நிரப்பிவிட்டு, `Schedule` வழியாக முடிவுத் தேதி கொடுக்க மறந்துவிடுகிறார்கள். ஆடியில் போட்ட கோடு தை வரை நிற்கிறது. ஆறு மாதம் 1,080க்கு விற்ற புடவையின் வழக்கமான விலை 1,080தான். 1,200 இனி பழங்கதை. விற்பனை முடிந்த அன்றே கோட்டை எடுங்கள். தொடர்ந்து அதே விலைக்குத்தான் விற்பீர்கள் என்றால், 1,080ஐ `Regular price` பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

"50% வரை" என்று போடுபவர்கள் பாதி விலைக்குப் போகும் உருப்படிகள் கைக்கு எட்டும் அளவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

பில் போடும் இடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. எம்.ஆர்.பி.க்குள் எல்லா வரியும் அடக்கம். 2,000 ரூபாய் எம்.ஆர்.பி. உள்ள சட்டைக்கு 40 சதவீதம் கழித்து 1,200 என்று அறிவித்துவிட்டு, கல்லாவில் அதன்மேல் 5 சதவீத வரி சேர்த்து 1,260 வாங்கினால், கொடுத்த தள்ளுபடி 37 சதவீதம்தான். வாட் காலத்தில் இப்படி வசூலித்ததை நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017இல் தீர்ப்பளித்தது. "வரி தனி" என்று மூலையில் எழுதியிருந்ததும் அங்கே உதவவில்லை.