சராசரியா, இடைநிலையா, முகடா: எந்தக் கணக்குக்கு எதை எடுப்பது?

கூட்டி வகுப்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் அதை விட்டுவிடுகிறேன். சராசரி, இடைநிலை, முகடு எல்லாம் போட்டு முடித்த பிறகு "இந்தத் தரவுக்கு எது பொருத்தம், ஏன்?" என்று ஒரு வரி கேட்பார்கள் இல்லையா, கை நிற்பது அங்கேதான்.

ஒரு புதிரை முடிக்க ஒன்பது பேர் எடுத்துக்கொண்ட நேரம், நிமிடத்தில்:

18, 14, 54, 12, 20, 16, 14, 17, 15

முதலில் வரிசைப்படுத்துங்கள். சராசரிக்கு இது தேவையில்லை, இடைநிலைக்குக் கட்டாயம் தேவை. மேலே இருக்கிறபடியே நடுவில் உள்ளதை எடுத்தால் 20 வரும், அது தப்பு.

12, 14, 14, 15, 16, 17, 18, 20, 54

கூட்டுத்தொகை 180, ஆகவே சராசரி 20. ஐந்தாவது எண் 16, அதுதான் இடைநிலை. 14 மட்டும் இரண்டு முறை வருவதால் முகடு 14.

இப்போது அந்த 20-ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒன்பது பேரில் ஒருவர்கூட 20-க்கும் 54-க்கும் நடுவில் இல்லை, ஏழு பேர் 20-க்குக் கீழே, ஒருவர் சரியாக 20. "சராசரியாக 20 நிமிடம்" என்று சொன்னால் கேட்பவர் பாதிப் பேருக்கு அதைவிட அதிக நேரம் ஆனதாக நினைத்துக்கொள்வார். 54-ஐ எடுத்துவிட்டுப் போட்டால் சராசரி 15.75-க்கு இறங்கிவிடுகிறது, இடைநிலையோ 16-லிருந்து 15.5-க்குத்தான் நகர்கிறது. இந்த மாதிரித் தரவுக்கு இடைநிலை என்று எழுதுங்கள், காரணமாக இந்த இரண்டு மாற்றத்தையும் காட்டுங்கள்.

அடுத்தது பரவல். வீச்சு 54 − 12 = 42. இரண்டே எண்ணைப் பார்ப்பதால் நடுவில் உள்ள ஏழு பேரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. திட்டவிலக்கத்துக்கு ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 20-ஐக் கழித்து வர்க்கப்படுத்தினால் மொத்தம் 1346 வரும், அதில் 54 ஒன்றிலிருந்து மட்டுமே 1156. ஒன்பதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 12.23. 54 இல்லாவிட்டால் இதே அளவு சுமார் 2.38 தான். அதாவது இங்கே திட்டவிலக்கம் ஒரே ஒரு ஆளின் கதையைத்தான் சொல்கிறது.

ஆகவே ஜோடியாகவே தேர்ந்தெடுங்கள்: சராசரியோடு திட்டவிலக்கம், இடைநிலையோடு கால்மான இடைவீச்சு. இடைநிலையை எழுதிவிட்டுப் பக்கத்தில் திட்டவிலக்கத்தைப் போட்டால், வாசலில் தடுத்த விருந்தாளியைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்ட கதைதான்.

கால்மானத்தில்தான் ஆள் விழுவது. இடைநிலையான 16-ஐ ஒதுக்கிவிட்டால் கீழ்ப்பாதி 12, 14, 14, 15. அதன் நடு 14, அதுதான் கீழ்க் கால்மானம். மேல்பாதி 17, 18, 20, 54. அதன் நடு 19, அதுதான் மேல் கால்மானம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இடைவீச்சு, 5. மேல் கால்மானத்தையே விரிதாளில் போட்டால்:

```
=QUARTILE.INC(A1:A9,3)   → 18
=QUARTILE.EXC(A1:A9,3)   → 19
```

இரண்டும் சரிதான், முறைதான் வேறு. முதலாவது 16-ஐ இரண்டு பாதியிலும் சேர்த்துக்கொண்டால் வரும் விடையைத் தருகிறது. பழைய `QUARTILE` என்பதும் இதே முறைதான். உங்கள் பாடப்புத்தகம் (n+1)/4 என்ற இடத்தைப் பார்க்கச் சொன்னால் EXC-தான் அதோடு பொருந்தும். கையால் போட்டு விரிதாளில் சரிபார்க்கிறவர்கள் நல்ல விடையை அடித்துவிட்டு மறுபடி போடுவது பெரும்பாலும் இதனால்தான். எனக்குக் கேட்டால், பத்துப் பதினைந்து எண் வரைக்கும் கையால் போடுவதே மேல்.

திட்டவிலக்கத்திலும் இதே வம்பு உண்டு: `STDEV.P` ஒன்பதால் வகுக்கும், 12.23. `STDEV.S` எட்டால் வகுக்கும், 12.97. இந்த ஒன்பது பேரைப் பற்றி மட்டும் கேள்வி என்றால் P, இவர்களை மாதிரியாக வைத்துப் பெரிய கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் S.

முகடு எப்போது? பிடித்த நிறம், ரத்த வகை மாதிரிக் கூட்டவும் முடியாத, வரிசைப்படுத்தவும் முடியாத தரவுக்கு அது ஒன்றுதான் கைகொடுக்கும். நம் ஒன்பது எண்ணில் முகடு 14 வந்தது கிட்டத்தட்ட தற்செயல், அதை வைத்து எதுவும் சொல்லாதீர்கள்.

பின்சேர்ப்பு: "அப்போ ஒரு எண் தனியாக ஓடினாலே சராசரி வேண்டாமா?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். அப்படி இல்லை. கேள்வி மொத்தத்தைப் பற்றியது என்றால் சராசரிதான். ஒன்பது பேரும் ஒருவர் பின் ஒருவராக ஒரே மேசையில் உட்கார்ந்தால் மேசை எவ்வளவு நேரம் வேண்டும்? 20 × 9 = 180 நிமிடம், சரி. இடைநிலையை வைத்து 16 × 9 = 144 என்று ஒதுக்கினால் 36 நிமிடம் குறையும். அப்புறம், 54-ஐ இஷ்டத்துக்குத் தூக்கிவிடக் கூடாது. மேல் கால்மானத்தோடு இடைவீச்சின் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் 26.5, அதைத் தாண்டுவதால் 54 விலகிய மதிப்பு என்று சொல்லலாம், அவ்வளவுதான். 45-ஐ 54 என்று மாற்றி எழுதிவிட்டார்களா என்று மூலத்தாளைப் பாருங்கள். நிஜமாகவே ஒருவர் 54 நிமிடம் எடுத்திருந்தால் அது தரவிலேயே இருக்கட்டும்.