ஒட்டி நிற்பவர்களைத் தனித்தனியாக வெட்டுவது: ஒரு காதுகுத்து படத்தை வைத்து

தர்மபுரியில் எங்கள் ஸ்டுடியோவுக்கு வரும் பிளக்ஸ் வேலைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும். தீர்த்தமலை கோயில் படிக்கட்டில், பெருங்கூட்டத்துக்கு நடுவே எடுத்த காதுகுத்து படம் ஒன்று. தாத்தா இடது கையில் பேத்தியைத் தூக்கி வைத்திருக்கிறார். பேத்தியின் கை அவர் தோள்மேல் கிடக்கிறது. அம்மா பின்னால் நிற்கிறார். அவரது வலது தோள் தாத்தாவின் முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. பேனருக்கு மூவரும் தனித்தனியாக வேண்டும். அம்மாவைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும்.

போட்டோஷாப்பைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். "யார் முன்னால், யார் பின்னால்" என்று ஆள் கணக்கில் எழுதாமல், உடம்பு தொடும் இடம் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். இந்தப் படத்தில் தாத்தாவின் கை பேத்தியின் காலை மறைக்கிறது. ஆனால் பேத்தியின் கை தாத்தாவின் தோளை மறைக்கிறது. ஒருவருக்கொருவர் முன்னாலும் பின்னாலும் இருப்பதால், ஆளுக்கு ஒரு லேயர் போட்டால் எந்த வரிசையில் அடுக்கினாலும் சரிவராது. பேத்தியை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: உடம்பு ஒன்று, கை ஒன்று. கீழிருந்து மேலாக அம்மா, பேத்தியின் உடம்பு, தாத்தா, பேத்தியின் கை என்று நான்கு லேயர்.

இனி Pen Tool. மேலே Path என்று இருக்கிறதா பாருங்கள். படத்தை 200% பெரிதாக்கி, பேத்தியின் கையிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கிறது. வரைந்து முடித்ததும் Paths பேனலில் Work Path மேல் இருமுறை கிளிக் செய்து பெயர் கொடுங்கள். அடுத்த ஆளுக்குப் போகும்போது, மறக்காமல் புதிய பாத் பொத்தானை அழுத்திவிட்டு வரையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒரே பாத்தில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

அடுத்து தாத்தா. இங்கேதான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள், நானும் செய்தேன். பேத்தியின் கை வரும் இடத்தில் அதன் ஓரத்தைச் சுற்றி மறுபடி வரையாதீர்கள். கையின் குறுக்கே நேராகப் போய்விடுங்கள். இருவர் தொடும் ஓரத்தை ஒருமுறைதான் வரைய வேண்டும், அதுவும் முன்னால் இருப்பவருக்கு மட்டும். பின்னால் இருப்பவரின் கோடு முன்னாலிருப்பவரின் உடம்புக்குள் தாராளமாக ஓடலாம். மேல் லேயர் அதை மூடிவிடும்.

ஓரம் வழவழப்பாகத் தெரிவதற்காக விளிம்புப் பிக்சல்கள் அரைகுறையாகத்தான் மூடப்படும். ஒரே ஓரத்தை இருவருக்கும் வரைந்தால், பாதி மூடிய ஒன்றின்மேல் பாதி மூடிய இன்னொன்று வந்து உட்காரும். அப்படியும் முழுதாக மூடாது, கால் பங்கு பின்னணி கசியும். திரையில் கண்ணுக்குப் படாத அந்தக் கசிவு, பத்தடி பிளக்ஸில் தாத்தாவுக்கும் பேத்திக்கும் நடுவே நூல் போலத் தெரியும். என் முதல் பேனர் ஒன்று அப்படித்தான் கெட்டது.

பேத்தியின் கூந்தலுக்குப் பின்னால் அம்மாவின் கூந்தல். கறுப்பின்மேல் கறுப்பு, ஓரமே தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Curves லேயர் போட்டு, கோட்டின் இடது பகுதியை மேலே இழுங்கள். நிழல் வெளுத்து முடியின் ஓட்டம் தெரியும். வரைந்து முடித்ததும் அந்த லேயரை அழித்துவிடலாம்.

அம்மாவின் இடது கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஓர் இடைவெளி, அதன் வழியே யாரோ ஒருவரின் சட்டை தெரிகிறது. அதற்கும் தனி பாத் வரையுங்கள்.

இனி வெட்டலாம். படத்தை `Ctrl+J` நான்கு முறை அடித்து நான்கு நகலாக்கிக்கொள்ளுங்கள். அந்தந்த பாத்தின் சிறுபடத்தை `Ctrl` பிடித்து கிளிக் செய்தால் தேர்வு வரும். அம்மாவுக்கு மட்டும், இடைவெளியின் பாத்தை `Ctrl+Alt` பிடித்து கிளிக் செய்தால் அந்த ஓட்டை கழிந்துவிடும். பிறகு லேயரைத் தேர்ந்து மாஸ்க் பொத்தானை அழுத்துங்கள். அடிப்படத்தின் கண்ணை மூடி, அடியில் பளிச்சென்ற பச்சை லேயர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். விட்டுப்போன இடமெல்லாம் பச்சையாகக் காட்டிக்கொடுக்கும்.

கடைசியில் அம்மாவை நகர்த்துவது. அவர் லேயரில் இப்போது தாத்தாவின் வெள்ளைச் சட்டையும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகர்த்தும் முன்பே தாத்தாவின் மாஸ்கை `Ctrl` பிடித்து கிளிக் செய்து, Select > Modify > Expand போய் 2 பிக்சல் கொடுத்து, அம்மாவின் மாஸ்கில் அந்த இடத்தைக் கறுப்பால் நிரப்புங்கள். பேத்தியின் உடம்புக்கும் கைக்கும் அதேபோல் செய்யுங்கள். அந்த 2 பிக்சல் இல்லாவிட்டால் புடவை ஓரத்தில் வெள்ளைக் கறை நிற்கும்.

இப்போது அம்மாவுக்கு வலது தோள் கிடையாது, படத்திலேயே இல்லை. அதை வரைந்து ஒட்டுவதை நான் செய்வதில்லை. சொந்தக்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். தோள் வெட்டு தாத்தாவின் பின்னால் மறையும்படி, அவர் பக்கமாக மட்டுமே நகர்த்துகிறேன். அவரிடமிருந்து விலக்கித் தள்ள வேண்டுமென்றால், அதே நாளில் எடுத்த வேறு படத்தில் அம்மாவின் தோள் முழுதாகத் தெரிகிறதா என்று வீட்டாரிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.