போலி சார்ஜரைக் கண்டுபிடிப்பது எப்படி? எடைக்கு முன்னால் R-எண்ணைப் பாருங்கள்

"பாக்ஸ் பீஸ் சார், ஒரிஜினல்" என்று சொல்லி 180 ரூபாய்க்கு விற்ற ஒரு 65 வாட் சார்ஜர் இப்போது என் மேசையில் இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பி கொண்டுவந்தது. சார்ஜ் போட்டிருக்கும்போது திரையில் விரல் படாமலேயே ஏதேதோ திறக்கிறது, போனில் கோளாறா என்று பார்க்கச் சொன்னான். போனில் ஒன்றுமில்லை, வேறு சார்ஜரில் போட்டால் ஒழுங்காக இருக்கிறது. சரி, இந்த சார்ஜரையே வைத்து ஒவ்வொரு படியாகப் பார்த்துவிடலாம். நீங்களும் உங்கள் வீட்டு சார்ஜர் ஒன்றை பிளக்கிலிருந்து கழற்றி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: முத்திரையும் R-எண்ணும்

இந்தியாவில் விற்கும் மொபைல் சார்ஜர்கள், பொருள்களின் தரத்தை நிர்ணயிக்கும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் கட்டாயப் பதிவின் கீழ் வருகின்றன. பதிவு செய்த சார்ஜரின் உடம்பில் பிஐஎஸ் முத்திரை, அதன் மேலே IS 13252 போன்ற தர எண் (புதிய சார்ஜர்களில் IS/IEC 62368 என்று இருக்கலாம்), கீழே R- என்று தொடங்கி எட்டு இலக்க எண் ஆகியவை இருக்கும். எழுத்து பொடிசாக இருக்கும், போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

முத்திரை இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள், அச்சடிக்க யாராலும் முடியும். BIS Care என்ற அரசு ஆப்பை இறக்கி, R-எண்ணைச் சரிபார்க்கும் பகுதியில் அந்த எட்டு இலக்கத்தைப் போடுங்கள். தயாரிப்பாளர் பெயர், பொருளின் வகை, பிராண்ட், பதிவு நடப்பில் இருக்கிறதா என்ற விவரமெல்லாம் வரும். தம்பியின் சார்ஜரில் இருந்த எண்ணைப் போட்டால் எண் உண்மையானதுதான், ஆனால் அது வேறொரு கம்பெனியின் பவர் பேங்குக்குக் கொடுத்த எண்! ஆகவே "எண் கிடைத்தது" என்று திருப்திப்படாமல், மூடியில் இருக்கும் பிராண்டும் பொருளும் ஆப்பில் வருவதும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

ஒரு ஓட்டை இதிலும் உண்டு. கொஞ்சம் விவரமான போலிக்காரன் அதே பிராண்டின் நிஜ சார்ஜரிலிருந்து எண்ணை அப்படியே நகல் எடுத்திருப்பான், ஆப் எல்லாம் சரி என்றே காட்டும். அதனால்தான் அடுத்த படிகள். சிஇ முத்திரையைப் பார்த்து நம்ப வேண்டாம், அது ஐரோப்பியச் சந்தைக்கு, தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்வது.

படி 2: லேபிளில் ஒரு சின்னப் பெருக்கல்

இந்த சார்ஜரின் முன்பக்கம் பெரிய எழுத்தில் 65W. பின்பக்கம் பொடி எழுத்தில் OUTPUT: 5V 2.4A, அவ்வளவுதான், வேறு வரியே இல்லை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 5 × 2.4 = 12. அதாவது 65 வாட் என்று விற்ற பொருள், அதன் லேபிள் சொல்வதை அப்படியே நம்பினாலும் 12 வாட்தான். உண்மையான வேக சார்ஜரில் 5V, 9V, 20V என்று பல வரிகள் இருக்கும், அதில் பெரிய வரியைப் பெருக்கினால் முன்னால் போட்ட வாட்டுக்குச் சரியாக வரும்.

படி 3: எடை

சமையலறைத் தராசு இருந்தால், போனோடு வந்த சார்ஜரையும் சந்தேகப்படும் சார்ஜரையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். ஒரே வாட், ஒரே அளவு என்று சொல்லிக்கொள்ளும் இரண்டில் ஒன்று கணிசமாக லேசாக இருந்தால், உள்ளே இருக்க வேண்டியது ஏதோ இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் சிறியது, மின்னிரைச்சலை வடிகட்டும் சுருள் இல்லை, கெப்பாசிட்டர் குட்டி. அந்தத் தம்பியின் போனில் திரை தானாக ஆடியதற்கும் பெரும்பாலும் இந்த வடிகட்டி இல்லாததுதான் காரணம். ஆனால் எடை கூடுதலாக இருந்தால் நல்ல சார்ஜர் என்று அர்த்தமில்லை, உள்ளே இரும்புத் துண்டை ஒட்டி வைக்க எவ்வளவு நேரமாகும்? லேசாக இருந்தால் தப்பு, கனமாக இருந்தால் ஒன்றும் முடிவாகவில்லை, அவ்வளவே.

படி 4: பெட்டியும் விலையும்

பெட்டியில் எம்ஆர்பி, தயாரித்த மாதம் வருடம், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முழு முகவரி, புகார் எண் எல்லாம் சட்டப்படி இருக்க வேண்டும். முகவரி இல்லாமல் வெறும் "மேட் இன் இந்தியா" என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விலையை அந்த பிராண்டின் சொந்த இணையதளத்தோடு ஒப்பிடுங்கள். தள்ளுபடியில் இருபது முப்பது சதவீதம் குறைவது சகஜம், ஐந்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தால் அது தள்ளுபடி இல்லை. கடைக்காரரே "ஃபர்ஸ்ட் காப்பி" என்றால், அவர் உண்மையைச் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, மட்டமானதாக இருந்தால் என்ன, தீ எப்படிப் பிடிக்கும்?

சுவரில் வரும் 230 வோல்ட், சார்ஜருக்குள் முதலில் நேர் மின்னோட்டமாக மாறும்போது ஏறக்குறைய 325 வோல்ட் ஆகிறது. மறுபக்கம் உங்கள் கையில் இருக்கும் போனுக்கு 5 வோல்ட். இந்த இரண்டு பக்கமும் ஒரே குட்டிப் பலகையில் இருக்கின்றன. நல்ல சார்ஜரில் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருப்பார்கள், பல சமயம் பலகையையே அந்த இடத்தில் வெட்டியிருப்பார்கள், டிரான்ஸ்ஃபார்மர் கம்பிக்கு மூன்றடுக்கு உறை இருக்கும். ஏற்கெனவே செத்துப்போன ஒரு போலியைத் திறந்து பார்த்தபோது, இரண்டு பக்கத்துத் தடங்களுக்கும் நடுவே நகம் நுழையாத இடைவெளி, டிரான்ஸ்ஃபார்மரில் ஒரே சுற்று மஞ்சள் டேப், ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெறும் கம்பி. (நீங்கள் திறக்க வேண்டாம், கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.)

இப்படிப்பட்ட சார்ஜரில் 12 வாட்டுக்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மரிடம் போன் அதிகமாகக் கேட்கும்போது அது சூடாகிறது, டேப் கருகுகிறது, கம்பிகள் உள்ளுக்குள் ஒட்டிக்கொள்கின்றன. முதலில் கருகிய பிளாஸ்டிக் வாடை. ஃப்யூஸ் இருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

பலர் "வீட்டில் எம்சிபி இருக்கிறதே, டிரிப் ஆகிவிடுமே" என்பார்கள். ஆகாது. 100 வாட் வெப்பத்தில் ஒரு சார்ஜர் வெந்துகொண்டிருந்தாலும் அது இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு (100 ÷ 230), 6 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு விளக்கு எரிவது போலத்தான். தீப்பிடித்தால் அணையும் வகை பிளாஸ்டிக்கும் போலியில் இருக்காது, பக்கத்தில் திரைச்சீலையோ மெத்தையோ இருந்தால் போதும்.

2016-இல் யுஎல் என்ற அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை நிறுவனம் 400 போலி ஆப்பிள் அடாப்டர்களைச் சோதித்தது. மின்காப்புச் சோதனையில் 397 தோற்றன. அதில் 12, தொட்டால் ஆளையே கொல்லக்கூடிய அளவுக்கு மோசமான வடிவமைப்பு.

மாட்டிக்கொண்ட சார்ஜரை என்ன செய்வது

பில் இருந்தால் பணத்தைக் கேளுங்கள், தவறான R-எண் என்றால் அதே BIS Care ஆப்பிலேயே புகார் கொடுக்கலாம், லேபிளையும் பெட்டியையும் படம் எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது. "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று டிராயரில் போடாதீர்கள், வீட்டில் வேறு யாராவது எடுத்துச் சொருகிவிடுவார்கள். பின்னை இடுக்கியால் வளைத்துவிட்டு மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.