தேய்மானம்: ஒரே சதவீதத்தை இரண்டு முறைக்கும் போடாதீர்கள்

மண்ணடி, பாரிமுனைப் பக்கம் ஆடிட்டர் ஆபீசுகளில் புதிதாகச் சேரும் ஜூனியர்கள் கூட்டல் கழித்தலில் தவறுவதில்லை. அதை எக்செல் பார்த்துக்கொள்கிறது. தேய்மான விகிதம் போடும்போதுதான் கோட்டை விடுகிறார்கள். அந்தத் தவறு பல வருடம் யார் கண்ணிலும் படாது.

பத்து வருடம் என்றால் பத்து சதவீதமா?

வியாசர்பாடித் தொழிற்பேட்டையில் ஒரு கூட்டாண்மைப் பட்டறை 10 லட்சம் ரூபாய்க்கு லேத் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயுள் 10 வருடம், கடைசியில் காயலான் கடைக்குப் போட்டால் 50,000 கிடைக்கும். தேய்மானத்துக்கு முந்தைய லாபம் வருடா வருடம் 3 லட்சம்.

நேர்கோட்டு முறையில் கணக்கு சுலபம். 10 லட்சத்தில் 50,000 போக மீதியைப் பத்தால் வகுத்தால் வருடத்துக்கு 95,000. லாபம் பத்து வருடமும் 2,05,000 என்று ஒரே மட்டமாக நிற்கும்.

குறைந்து செல் மதிப்பு முறைக்கு மாற்றச் சொன்னால், "பத்து வருஷம்தானே, பத்து பர்சென்ட்" என்று போட்டுவிடுகிறார்கள். முதல் வருடத் தேய்மானம் 1,00,000 வரும். நேர்கோட்டின் 95,000-க்குப் பக்கத்தில் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் இங்கே சதவீதம் ஒவ்வொரு வருடமும் மிச்சமிருக்கும் ஏட்டு மதிப்பின் மேல்தான் விழுகிறது. பத்தாம் வருடத் தேய்மானம் வெறும் 38,742. அதைக் கழித்த பிறகும் லேத் ஏட்டில் 3,48,678 ரூபாய்க்கு உட்கார்ந்திருக்கும்.

அன்றைக்கு அதை 50,000-க்கு விற்றால் 2,98,678 ரூபாய் நட்டம் ஒரே அடியாக விழும். அந்த வருட லாபம் 2,61,258 இருந்த இடத்தில் 37,420 நட்டம் நிற்கும். வேலை குறையவில்லை, வாடிக்கையாளர் யாரும் போகவில்லை. முந்தைய வருடங்களில் கழிக்காமல் விட்ட தேய்மானம் மொத்தமாக வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்குள் பங்காளிகள் கூடுதலாகக் காட்டிய லாபத்தைப் பிரித்து எடுத்திருப்பார்கள். புது லேத் வாங்கக் கையில் காசு இருக்காது. எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான்.

சரியான விகிதத்தை எக்செலில் ஒரே வரியில் எடுக்கலாம்:

```
=1-(50000/1000000)^(1/10)
```

விடை 25.89 சதவீதம். முதல் வருடத் தேய்மானம் 2,58,866. லாபம் 41,134 மட்டுமே. இரண்டாம் வருட லாபம் 1,08,146, மூன்றாவதில் 1,57,810, நான்காவதில் 1,94,618. ஐந்தாம் வருடம் தேய்மானம் 78,102 ஆகக் குறைந்து, லாபம் 2,21,898 என்று நேர்கோட்டு லாபத்தைத் தாண்டிவிடும். பத்தாம் வருடம் 2,82,536. பத்து வருடத்தையும் கூட்டினால் இரண்டு முறையிலும் அதே 20,50,000. லாபம் எந்த வருடத்தில் தெரிகிறது என்பது மட்டுமே மாறுகிறது.

பழைய 1956 கம்பெனிச் சட்டத்தின் பதினான்காம் அட்டவணையைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தவறு வராது. பொது இயந்திரத்துக்கு ஒற்றை ஷிப்டில் நேர்கோட்டுக்கு 4.75, குறைந்து செல் முறைக்கு 13.91 என்று பக்கத்துப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். 2013 சட்டத்தின் இரண்டாம் அட்டவணை ஆயுளை மட்டும் சொல்கிறது. விகிதத்தை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரிபார்க்க ஒரு வழி: அட்டவணையைக் கடைசி வருடம் வரை இழுத்துப் பாருங்கள். முடிவு மதிப்பு 50,000-க்குப் பக்கத்தில் வராவிட்டால் விகிதம் தப்பு.

இறுதி மதிப்பைப் பூஜ்யமாக வைப்பது

மேலே உள்ள சூத்திரம் 100 சதவீதம் என்று சொல்லும். முதல் வருடமே லேத் காணாமல் போகும். பூஜ்யத்துக்குப் பதிலாக ஒரு ரூபாய் போட்டுத் தப்பிக்கலாம் என்பார்கள். அப்போது விகிதம் 74.88. அதுவும் அபத்தம். இறுதி மதிப்பே இல்லாத பொருளுக்கு நேர்கோடுதான் பொருந்தும்.

இறுதி மதிப்பை இரண்டு தடவை கழிப்பது

குறைந்து செல் முறையில் 10 லட்சத்தின் மேலேயே விகிதத்தைப் போடுங்கள். 50,000 ஏற்கெனவே சூத்திரத்துக்குள் இருக்கிறது.

நடுவில் முறையை மாற்றுவது

லாபம் மெலிந்த வருடத்தில் "நேர்கோட்டுக்குப் போயிடலாமா" என்று முதலாளி கேட்பார். லேத்தின் பயன் தேயும் விதம் மாறியிருந்தால்தான் மாற்றலாம். லாபத்தைத் தூக்கிக் காட்ட மாற்றக் கூடாது. மாற்ற நியாயம் இருந்தாலும் 95,000 என்று எழுதிவிடாதீர்கள். மூன்று வருடம் முடிந்து ஏட்டில் 4,07,090 இருக்கிறது என்றால், அதில் 50,000 போக மீதியை ஏழு வருடத்துக்குப் பிரிக்க வேண்டும்: வருடத்துக்கு 51,013. திருத்தப்பட்ட கணக்கியல் தரநிலை ஏ.எஸ். 10 இதை மதிப்பீட்டு மாற்றமாகப் பார்க்கிறது. பழைய வருடங்களைத் திறக்க வேண்டியதில்லை. அதற்கு முன்பிருந்த ஏ.எஸ். 6-இல் பழைய வருடங்களையும் திருப்பிக் கணக்கிட வேண்டியிருந்தது. சிலர் இன்னும் அதையே செய்கிறார்கள்.

வருமான வரி குறையும் என்று ஏட்டில் முறையை மாற்றுவது

குறையாது. வரிக்குப் பொது இயந்திரத்தொகுப்பின் மேல் 15 சதவீதம், குறைந்து செல் முறையில், தனியாகப் போடப்படுகிறது.