கேமரா வாங்கும் பணத்தைக் கேபிளில் தொலைக்காதீர்கள்: வீட்டுக் கண்காணிப்புக் கேமராவுக்குச் செலவுக் கணக்குப் போடுவதில் நேரும் தவறுகள்

சென்ற மாதம் தொழிலுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி, நான்கு கேமரா பொருத்துவதற்கான மதிப்பீட்டுத் தாளை என்னிடம் காட்டினார். கேமராவின் மாடல் எண், படத்தைப் பதியும் பெட்டியான டி.வி.ஆரின் சேனல் எண்ணிக்கை என எல்லாம் தெளிவாக இருந்தன. கேபிளுக்கு மட்டும் “1 ரோல்” என்று ஒரே வரி. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய முதல் மதிப்பீட்டிலும் அதே வரிதான் இருந்தது. கேமராவை வெயிலுக்கு எதிராகத் திருப்பி வைப்பது போன்றவற்றை யாரும் இரண்டே நாளில் திருத்திக்கொள்வார்கள் என்பதால், பணத்தைக் கரைக்கும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கேபிளைச் சில்லறைச் செலவாக நினைப்பது

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். அது நடந்த வீடு ஒரு மாடி வீடு, டி.வி.ஆர் மாடி அறையில், நான்கு கேமராக்களும் வெளியே. ஒவ்வொரு கேமராவுக்கும் எவ்வளவு தூரம் என்று கண்ணால் பார்த்து, 18, 14, 11, 9 மீட்டர் என்று குறித்துக்கொண்டேன். கூட்டினால் 52 மீட்டர். 90 மீட்டர் ரோல் ஒன்று தாராளமாகப் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கேபிள் காற்றில் பறந்து போவதில்லை. டி.வி.ஆரிலிருந்து மேலேறி, மொட்டை மாடிக்குப் போய், கைப்பிடிச் சுவரை ஒட்டிச் சுற்றி, படிக்கட்டு ஓரமாக இறங்கி, மதில் வழியாகக் கேட் தூணை அடைய வேண்டும். கேட் கேமராவுக்கு மட்டும் 40 மீட்டர் ஆயிற்று. மற்றவை 26, 22, 17. இரு முனையிலும் விட வேண்டிய உபரியையும் சேர்த்து மொத்தம் 105 மீட்டர். பதினைந்து மீட்டர் குறைந்ததும், வேறொரு வேலையில் மிஞ்சிய துண்டை எடுத்துப் பைப்புக்குள்ளேயே முறுக்கி இணைத்தேன். மழை பெய்தால் முதலில் கெடுவது அந்த இணைப்புத்தான்.

ஆனால் நீளம் குறைந்தது சின்ன விஷயம். நான் வாங்கிய கேபிள் சி.சி.ஏ. கேபிள், அதாவது அலுமினியக் கம்பியின் மேல் செம்பு பூசியது. அசல் செம்பு ரோல் அப்போது 2,400 ரூபாய், இது 1,300 ரூபாய். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

பொருத்திய அன்று பகலில் நான்கு கேமராவும் பளிச்சென்று தெரிந்தன. இரவு ஏழு மணிக்கு வீட்டுக்காரர் அழைத்தார். “தம்பி, வாசல் கேமரா வருது, போகுது. பக்கத்துல போனா டக் டக்குன்னு சத்தம் கேக்குது” என்றார். கேமராதான் பழுது என்று நினைத்து மறுநாளே புதியதை மாட்டினேன். அதுவும் இருட்டியதும் அதே கதைதான்.

காரணம் இது. வழக்கமாகப் பயன்படும் 3+1 கேபிளில், அதாவது படத்துக்கு ஒரு கோஆக்ஸ் கம்பியும் கூடவே மூன்று மெல்லிய கம்பிகளும் சேர்ந்த கேபிளில், கரன்ட் போகும் கம்பிகள் மிக மெல்லியவை, ஏறக்குறைய கால் சதுர மில்லிமீட்டர். 40 மீட்டர் என்றால் போகவும் வரவும் 80 மீட்டர். நல்ல செம்பில் அதன் மின்தடை 5.4 ஓம், சி.சி.ஏ.வில் சுமார் 8.6 ஓம். பகலில் கேமரா எடுப்பது ஏறக்குறைய 0.2 ஆம்பியர் என்பதால் சி.சி.ஏ.விலும் 1.7 வோல்ட்தான் குறையும், 12இல் 10.3 மிஞ்சும், படம் வரும். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி, கரன்ட் 0.4 ஆம்பியராகிவிடும். அப்போது செம்பில் 9.8 வோல்ட் கிடைக்கும், சி.சி.ஏ.வில் 8.6தான். பல கேமராக்களின் விவரத்தாளில் 12 வோல்ட்டுக்கு 25 சதவீதம் கூடக் குறைய அனுமதி உண்டு, அதாவது கீழ் எல்லை 9 வோல்ட். அதற்குக் கீழே போனதும் கேமரா அணைந்து, சுமை விலகியதால் மீண்டும் உயிர் பெற்று, விளக்கு எரிந்ததும் மறுபடி அணையும். அவர் கேட்ட ‘டக் டக்’ என்பது, ஒவ்வொரு முறையும் லென்ஸுக்குப் பின்னால் உள்ள சிறு வடிகட்டி நகரும் சத்தம்.

இதைக் கண்டுபிடிக்காமல் நான் இரண்டு நாள் அலைந்ததற்கும் காரணம் உண்டு. கேமராவைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைத்தேன். 12 வோல்ட் காட்டியது. சுமை இல்லாதபோது எந்தக் கேபிளும் 12தான் காட்டும். கேமரா இணைந்திருக்கும்போது, லென்ஸைத் துணியால் மூடி விளக்கை எரியவைத்து, கேமராவின் முனையில் அளக்க வேண்டும்.

கடைசியில் எல்லாக் கேபிளையும் உருவி எடுத்தேன். செம்பு ரோல் இரண்டுக்கு 4,800 ரூபாய், பைப் பதித்த இடங்களில் சுவர் உடைத்துப் பூசி வண்ணம் அடிக்க 3,500, இருவருக்கு இரண்டு நாள் கூலி 3,200. மொத்தம் 11,500 ரூபாய், முழுவதும் என் கையிலிருந்து. முதலிலேயே சரியான கேபிள் எழுதியிருந்தால் கூடுதலாக 3,500 ரூபாய்தான் ஆகியிருக்கும்.

ஆகவே மதிப்பீடு எழுதுமுன், கேபிள் போகும் வழியிலேயே அளவு நாடாவைப் பிடித்து நடந்து அளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனியே எழுதி, பத்து சதவீதம் கூட்டுங்கள். ரோல் வாங்கும்போது முனையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது சி.சி.ஏ. மல்டிமீட்டர் இருந்தால் ரோலின் ஒரு கம்பியை இரு முனையிலும் அளக்கலாம்: மேலே சொன்ன தடிமனில் 90 மீட்டர் செம்புக்கு 6 ஓம் அளவில் வரும், சி.சி.ஏ.வுக்கு 9க்கு மேல் போகும். முப்பது மீட்டரைத் தாண்டும் கேமராவுக்கு, மின்சாரத்துக்கென 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைத் தனியாக இழுப்பதே என் வழக்கம். 40 மீட்டரில் இரவிலும் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் குறையும்.

1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு மாதம் பதிவாகும் என்று நம்புவது

வாடிக்கையாளர் கேட்பது “எத்தனை டி.பி.?” என்று; கேட்க வேண்டியது “எத்தனை நாள்?” என்று. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு கேமரா நாள் முழுதும் பதிந்தால் 10.8 ஜி.பி. ஆகும். 2 மெகாபிட் வைத்தால் நான்கு கேமராவுக்கு நாளொன்றுக்கு 86 ஜி.பி.; 1 டி.பி. சுமார் 11 நாளில் நிரம்பி, பழைய பதிவின் மேல் புதியது ஏறத் தொடங்கும். ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பியவர்கள், திருடன் வந்த நாளின் பதிவே இல்லாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முப்பது நாள் வேண்டுமென்றால் 2.6 டி.பி. தேவை, எனவே 4 டி.பி. என்று எழுதுங்கள். கம்ப்யூட்டருக்கான சாதாரண டிஸ்க்கைப் போடாமல், இரவு பகலாக எழுதுவதற்கென்றே வரும் டிஸ்க்கின் விலையையே கணக்கில் காட்டுங்கள்.

“ஃபிட்டிங் சார்ஜ்” என்று ஒற்றை வரியில் முடிப்பது

பைப், துளையிடுதல், மொபைலில் இணைத்துத் தருதல், ஜி.எஸ்.டி. ஆகியவை அதில் அடங்குமா, அடங்காதா என்று தாளிலேயே எழுதுங்கள்.

முதல் ஆண்டோடு கணக்கை முடிப்பது

நான்கு கேமராவும் டி.வி.ஆரும் சேர்ந்து சராசரி 30 வாட் என்று வையுங்கள். ஆண்டுக்கு 263 யூனிட். இரு மாத மின்கட்டணத்தில் 44 யூனிட் கூடும். ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டிச் செலவழிக்கும் வீட்டில் இது கட்டண அடுக்கையே மாற்றிவிடும் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், பழுதான உதிரிப்பாகத்தின் விலையும் அதில் உண்டா, வந்து பார்ப்பதற்கு மட்டும்தானா என்று கேட்டுத் தெளியுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்கள் இரண்டாவது வகை. முதலில் போவது பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கிப் பெட்டிதான். அதன் விலையை மூன்று ஆண்டாகப் பிரித்து ஆண்டுச் செலவில் சேர்க்கிறேன். ஹார்ட் டிஸ்க்கையும் வாரன்டிக் காலத்தால் வகுத்து அப்படியே சேர்க்கிறேன்.

இரவில் கேமரா விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். லென்ஸின் குறுக்கே ஓர் இழை இருந்தாலே படத்தில் வெள்ளைக் கயிறுபோல ஆடும். மாதம் ஒருமுறை வீட்டார் நீளக் கம்பில் மென்மையான தூரிகை கட்டித் துடைத்துவிட்டால் போதும். துடைப்பதற்கென்று என்னை அழைத்தால் அந்த வருகைக்கும் கட்டணம் உண்டு என்பதை மதிப்பீட்டின் கடைசி வரியாக எழுதித் தருகிறேன்.