பழுதான ஹீட்டரைத் திருப்பிக் கொடுத்து, வவுச்சர் இல்லாமல் பணமாகவே வாங்குவது எப்படி?

கோத்தகிரியின் டிசம்பர் குளிரைத் தாங்க முடியாமல், போன வருஷம் என் மாமியாருக்காக ஊட்டியில் ஒரு கடையில் ஃபேன் வைத்த ரூம் ஹீட்டர் வாங்கினேன். விலை 2,450 ரூபாய். ஆறாவது நாள் ராத்திரி, போட்ட பத்து நிமிஷத்தில் தானாக அணைந்துவிட்டது. ஆறவிட்டுப் போட்டால் ஓடும், மறுபடி பத்து நிமிஷத்தில் நிற்கும். கடையில் வவுச்சர் கொடுக்கப் பார்த்தார்கள், நான் பணமாக வாங்கி வந்தேன். எந்த வரிசையில் என்ன செய்தேன் என்பதை எழுதுகிறேன், முதல் தடவை கடை ஏறுகிறவர்களுக்கு உதவும்.

முதலில் வீட்டிலேயே சோதியுங்கள்

பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன், தப்பு நம் பக்கம் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். 2000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதைச் சின்ன பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ செருகினால் பிளக்தான் சூடாகும். பின்னால் காற்று இழுக்கும் வலையைத் திரைச்சீலை மூடியிருந்தாலும் ஹீட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும், அது பழுது ஆகாது. நான் கீஸருக்குப் போட்ட 16 ஆம்பியர் பிளக்கில் செருகி, சுவரை விட்டு நன்றாகத் தள்ளி வைத்துப் பார்த்தேன். அப்போதும் அதே பத்து நிமிஷம்தான்.

அதை வீடியோ எடுங்கள். சுவர்க் கடிகாரமும் ஹீட்டரும் ஒரே படத்தில் தெரியட்டும். அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து வையுங்கள். ஸ்க்ரூ டிரைவரை மட்டும் கையில் எடுக்காதீர்கள். சீல் உடைந்துவிட்டால், "நீங்களே கழட்டிட்டீங்க" என்ற ஒரே வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும்.

பில்லும் நாளும்

மெஷினில் வரும் வழவழப்பான பில்லில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுப்பது நல்லது. பில்லைத் திருப்பியும் பாருங்கள், திருப்பிக் கொடுக்கக் கெடு ஏதாவது போட்டிருக்கிறதா என்று.

நாள் கணக்கு ஏன் முக்கியம் என்றால், 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(47)-இல் நியாயமற்ற வணிக நடைமுறை எவையெவை என்று வரிசையாகச் சொல்கிறது. அதில் ஒன்று, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர மறுப்பது. பில்லில் கெடு இருந்தால் அதற்குள், இல்லையென்றால் 30 நாளுக்குள் என்கிறது சட்டம். திருப்பச் சொல்வது நாம் கொடுத்த பணத்தை, கூப்பனை அல்ல. பில்லில் அடித்திருக்கும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற சீல், பழுதான பொருளுக்கு இந்தச் சட்டத்தைத் தாண்டி நிற்காது. ஆனால் நிறம் பிடிக்கவில்லை, வேறு கடையில் மலிவாக இருக்கிறது என்பதற்கெல்லாம் இந்தப் பிரிவு உதவாது. பொருளில் குறை இருக்க வேண்டும்.

கடையில்

சனி ஞாயிறு, சீசன் நாள் வேண்டாம். டூரிஸ்ட் கூட்டத்தில் உங்களிடம் யாரும் நின்று பேச மாட்டார்கள். நான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் போய், கடை திறந்ததும் நின்றேன். விற்பனைப் பையனிடம் மல்லுக்கட்டாமல், முடிவெடுக்கக் கூடியவரையே கேளுங்கள்.

நம் மலையில் எல்லாக் கடையிலும் வரும் முதல் பதில் ஒன்றுதான்: "வோல்டேஜ் பிரச்சனைக்கா, கோத்தகிரி பக்கம் லைன் சரியில்ல."

"அண்ணே, உங்க கடைக் கரண்ட்லயே போட்டுக் காட்டுறேன்" என்றேன். கல்லாப் பக்கத்து பிளக்கில் செருகி, எதிரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்பதாவது நிமிஷம் அணைந்தது. அதற்குப் பிறகு வோல்டேஜ் பேச்சு வரவே இல்லை. ஒரு வாதத்துக்கும் இந்த அளவு பலம் கிடையாது, அதனால் பொருளை ஓட்டிக் காட்ட முடியுமானால் கட்டாயம் ஓட்டிக் காட்டுங்கள்.

அடுத்து, "கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டுப் போங்க" என்பார்கள். வாரண்டி என்பது கம்பெனி தனியாகத் தரும் உறுதி. அது இருப்பதால் விற்றவருடைய பொறுப்பு போய்விடாது. ரிப்பேருக்குக் கொடுத்து ஜாப் கார்டு வாங்கிவிட்டால், "ரிப்பேருக்கு நீங்களே ஒத்துக்கிட்டீங்களே" என்ற பேச்சு வரும். வாங்கி ஐந்தாறு மாதம் ஆன பொருளுக்கு ரிப்பேர்தான் நடைமுறையான வழி. ஆறு நாள் ஆன பொருளுக்கு அந்த அவசியம் இல்லை.

வவுச்சரை நீட்டும்போது

இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். என்னிடம் பேசிய கடைக்காரர் சொன்னது இது: "பில் போட்டு ஜிஎஸ்டி கட்டியாச்சு, பணம் திருப்ப சிஸ்டத்துல வழியில்ல. 2,450-க்கு வவுச்சர் தர்றேன், மூணு மாசத்துல எதுவேணா வாங்கிக்கங்க."

வழி இருக்கிறது. பொருள் திரும்பி வந்தால் விற்றவர் கிரெடிட் நோட் போட்டு, தான் கட்ட வேண்டிய வரியைக் குறைத்துக்கொள்ள ஜிஎஸ்டி சட்டத்தின் 34-வது பிரிவு இடம் தருகிறது. இந்தக் கிரெடிட் நோட் கடையின் கணக்குக்கான தாள். ஜவுளிக்கடையில் நம் கையில் தரும் கிரெடிட் நோட் வேறு, அது வவுச்சர்தான். பெயர் ஒன்றாக இருப்பதால் ஏமாந்துவிடாதீர்கள்.

"இப்போதைக்கு வாங்கி வைப்போம்" என்று வவுச்சரைக் கையில் வாங்கவே கூடாது. வாங்கிக் கையெழுத்துப் போட்டால் கணக்கு தீர்ந்தது என்று அவர்கள் சொல்ல இடம் கொடுத்துவிடுகிறோம். நான் சத்தம் போடாமல் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்: "வவுச்சர் வேண்டாம்ணே, பொருள் பழுது, கொடுத்த பணத்தைக் கொடுத்துருங்க." மூன்றாவது தடவைக்குப் பிறகு, முன்னாலேயே எழுதி வைத்திருந்த கடிதத்தை எடுத்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"இந்தத் தேதியில், இந்த எண் பில்லில், ரூ. 2,450 கொடுத்து வாங்கிய ஹீட்டர் ஆறாவது நாளில் பழுதானது. இன்று தங்கள் கடையில் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பணத்தைக் கேட்கிறேன். வவுச்சரோ மாற்றுப் பொருளோ எனக்குச் சம்மதமில்லை. ஏழு நாளுக்குள் பணம் தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்வேன்."

இரண்டு பிரதி. ஒன்றில் கடை சீலும் தேதியும் கேட்டேன். அவர் படித்துவிட்டு உள்ளே போய் ஓனருக்குப் போன் செய்தார். கால் மணி நேரத்தில் என் ஜிபே-க்குப் பணம் வந்தது. ஒரிஜினல் பில்லைக் கேட்டார்கள். அதை போட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான் கொடுத்தேன்.

கடிதத்தையும் வாங்க மறுத்தால்

அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். ஹீட்டர் உங்களிடமே இருக்கட்டும், சீல் போட்ட எழுத்து இல்லாமல் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஏழு நாள் கழித்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அது உத்தரவு போடும் இடம் இல்லை, பேசித் தீர்த்து வைக்கும் இடம்.

உத்தரவு போடுவது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீலகிரிக்கு ஊட்டியிலேயே இருக்கிறது, கொடைக்கானல்காரர்கள் திண்டுக்கல் போக வேண்டும். கடை வெளியூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, பிரச்சனை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. விலையை வட்டியோடு திருப்பித் தரச் சொல்லவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அங்கே அவர்கள் கேட்கப் போவது பில், கடிதத்தின் பிரதி, தபால் ரசீது, அந்தக் கடிகார வீடியோ.