வீதி சுற்றும் மேளத்தைக் காதால் பிடிப்பது: பைனாரல் ஒலிப்பதிவு, முதல் தடவை செய்பவர்களுக்கு

சாதாரண ஸ்டீரியோப் பாட்டொன்றை ஹெட்போனில் போட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். பாடுபவர் முன்னால் நிற்கமாட்டார். இரண்டு காதுக்கும் நடுவில், தலைக்குள்ளே இருந்து பாடுவார். ஸ்டீரியோக் கலவையில் ஒரு சத்தத்தை இடப்பக்கம் நகர்த்துவது என்றால், பெரும்பாலும் இடது சனலில் அதைக் கூட்டி வலதில் குறைப்பதுதான். ஸ்பீக்கரில் கேட்கும்போது ஒவ்வொரு காதுக்கும் இரண்டு ஸ்பீக்கரும் எட்டுவதால் சத்தம் எதிரே நிற்பதுபோல் படும். ஹெட்போனில் இடது சனல் இடது காதோடு முடிந்துவிடும். அதனால் எல்லாம் தலைக்குள் ஒரு கோட்டில் ஒட்டிக்கொள்ளும்.

நேரே கேட்கும் காதுக்கு நடப்பது வேறு. இடப்பக்கம் அடிக்கும் தவிலின் சத்தம் தலையைச் சுற்றி வலது காதை அடைய ஏறக்குறைய 0.65 மில்லிசெக்கன் கூடுதலாக எடுக்கும். கூரிய ஒலிகளைத் தலை மறைக்கும். காது மடலின் மடிப்புகள் சத்தம் முன்னாலா, பின்னாலா, மேலா என்பதற்கேற்ப அதன் நிறத்தை மாற்றும். இந்த மூன்றையும் வைத்துத்தான் மூளை இடம் கண்டுபிடிக்கிறது. காதுத் துவாரத்தின் வாயிலேயே மைக்கை வைத்துப் பதிந்தால் மூன்றும் பதிவில் ஏறும். அதுதான் பைனாரல்.

திருவிழாவில் சுவாமி வெளிவீதி சுற்றும்போது மேளம் வந்து கடந்து போவதைப் பதிவதை இங்கே எடுத்துக்கொள்வோம். பைனாரலின் பலம் முழுவதும் தெரிகிற இடம் அது.

தேவையானவை

10 மில்லிமீற்றர் எலெக்ட்ரெட் மைக் கப்சூல் இரண்டு. இரைச்சல் குறைந்த பிரிமோ இஎம்272 வகையே எங்கள் தெரிவு. மலிவான கப்சூலில் தூரத்து மணி ஒலி ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலுக்குள் தாழ்ந்துவிடும். மெல்லிய ஷீல்ட் வயர் காதுக்கு 1.2 மீற்றர் வீதம், ஒரு 3.5 மி.மீ. ஸ்டீரியோ பிளக், ஸ்டீரியோ மைக் உள்ளீடும், கப்சூலுக்கு வேண்டிய சிறு மின்சாரத்தை அதே வயரால் கொடுக்கும் பிளக்-இன் பவரும் உள்ள கைரெக்கோர்டர், சிறு பஞ்சு உறை இரண்டு. கைபேசியின் ஹெட்செற் துளை உதவாது. அதில் மைக்குக்கு ஒரே ஒரு சனல்தான். இரண்டு கப்சூலைக் கொடுத்தாலும் மோனோதான் வரும்.

பிளக்கின் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி கிரவுண்ட். கப்சூலின் உலோக உறையோடு தொடுகிற முனைதான் கிரவுண்ட். ஈயம் பற்றவைக்கும்போது சூட்டுக்கோலை இரண்டு செக்கனுக்கு மேல் வைக்கவேண்டாம். உள்ளே இருக்கும் சவ்வு சூட்டில் கெட்டுவிடும்.

காதில் வைப்பது

கப்சூல் துவாரத்துக்குள் போகாது, போகவும் கூடாது. துவாரத்தின் வாயை ஒட்டிய குழியில், முகம் வெளியே பார்க்க இருக்கட்டும். மடலுக்கு வெளியே தொங்கினால் மடிப்புகளின் வேலை பதிவில் வராது. இடம் வலம் தெரியும், முன் பின் தெரியாது. வயரைக் காதின் மேலால் சுற்றிக் கழுத்தில் ஒரு துண்டு ரேப்பால் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் சட்டைக் கொலர் உரசுவதெல்லாம் இடி முழக்கமாக விழும்.

ரெக்கோர்டரில் WAV, 48 kHz, 24 bit. PLUGIN POWER ஒன் ஆகவும், AUTO LEVEL ஓஃப் ஆகவும் இருக்கவேண்டும். ஓட்டோ லெவல், மேளம் கிட்ட வரும்போது தானே குறைத்து, போகும்போது கூட்டும். அப்போது தூரம் என்பதே பதிவில் இல்லாமல் போகும்.

கைதட்டிப் பார்ப்பது

இந்தப் படியைத் தவறவிட்டு முழுத் திருவிழாவையும் இடம் வலம் மாறிப் பதிபவர்கள்தான் அதிகம். மேளத்தைக் கேட்டு அந்தப் பிழையைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் மாறிய பதிவும் நம்பும்படியாகவே இருக்கும்.

முற்றத்தில், சுவரிலிருந்து தள்ளி நில்லுங்கள். ஒருவர் உங்கள் இடத்தோளுக்கு நேரே இரண்டு மீற்றரில் நின்று மூன்று தரம் கைதட்டட்டும். பிறகு நேர் முன்னால் மூன்று தரம். பதிவை Audacity-இல் திறந்து ஒரு தட்டலை அலையின் ஒவ்வொரு புள்ளியும் தெரியும் வரை பெருப்பியுங்கள். இடப்பக்கத் தட்டலில் மேலே உள்ள இடது சனல் முதலில் எழும்பவேண்டும். வலது சனல் கிட்டத்தட்ட 30 புள்ளி பிந்தி, சிறியதாக எழும்பும். இந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு ‘மாதிரி’. 48,000 மாதிரிக்கு ஒரு செக்கன் என்பதால் 0.65 மில்லிசெக்கன் 31 மாதிரி. முன்தட்டலில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக எழும்ப வேண்டும்.

வலது முந்தினால் சனல் மாறிவிட்டது. பிந்துவது பத்துக்கும் குறைவென்றால் தட்டியவர் நேர் இடப்பக்கத்தில் நிற்கவில்லை. முன்தட்டலில் நேரம் சரியாக இருந்தும் ஒரு பக்கம் உயரமாக இருந்தால் இரண்டு கப்சூலின் உணர்திறன் வேறு. அந்தப் பக்கத்தை எடிட்டரில் வித்தியாசத்தின் அளவுக்குக் குறையுங்கள். ஏற்கெனவே மாறிப் பதிந்ததைத் திருப்ப, கணினியின் கட்டளைத் திரையில் ffmpeg நிரலை இப்படி ஓட்டுங்கள்:

```
ffmpeg -i melam.wav -af "pan=stereo|c0=c1|c1=c0" -c:a pcm_s24le sari.wav
```

வீதியில்

கோயில்காரரிடம் முதலே கேட்டுவிடுங்கள். மேளம் போகும் பாதையிலிருந்து ஐந்தாறு மீற்றர் தள்ளி, வீதியைப் பார்த்து நில்லுங்கள். தவிலுக்குக் கிட்டப் போனால் கப்சூலே தாங்காமல் கரகரக்கும். லெவலைக் குறைத்தாலும் அது போகாது, தள்ளி நிற்பதுதான் வழி. உச்சம் -12 dB-யைத் தாண்டாதபடி லெவலை வையுங்கள்.

தலையை அசைக்கவே கூடாது. நீங்கள் திரும்பிப் பார்த்தால் கேட்பவருக்குக் கோயிலே சுழலும். எச்சில் விழுங்குவதும் கேட்கும். மேளம் வலப்பக்க மூலையால் வந்து, முன்னால் கடந்து, இடப்பக்கம் போய் மறைய நாலைந்து நிமிடம் ஆகலாம். அவ்வளவும் ஒரே தொடர்ப்பதிவாக இருக்கட்டும். கச்சான் விற்பவர் பின்னால் கூப்பிடுவதையும் வெட்டவேண்டாம். முதுகுப்பக்கம் என்ற ஒன்று இருப்பதை கேட்பவருக்குக் காட்டுவது அந்தக் குரல்தான்.

எங்கே உதவாது

ஸ்பீக்கரில் போடப் போகிறீர்கள் என்றால் ஸ்டீரியோ மைக்கிலேயே பதியுங்கள். ஸ்பீக்கரில் இரண்டு சனலும் இரண்டு காதுக்கும் கலக்கும். பதிந்தவரின் மடல் ஏற்கெனவே மாற்றிய நிறத்தைக் கேட்பவரின் மடல் இன்னொரு தரம் மாற்றும். மோனோ ஒலிபெருக்கியில் இன்னும் மோசம்: 0.65 மில்லிசெக்கன் பிந்திய சத்தத்தை முந்தியதோடு கூட்டினால் 770 Hz அளவில் ஒரு பள்ளம் விழுந்து, பக்கத்திலிருந்து பேசியவரின் குரல் குழாய்க்குள் இருந்து வருவதுபோல் ஆகும். பேட்டி, செய்தி, மேடைப் பேச்சு எதற்கும் பைனாரல் வேண்டாம். சூழல், நடை, நாடகக் காட்சி என்று கேட்பவர் ஓரிடத்தில் நிற்கவேண்டியவற்றுக்கு மட்டும் அதை எடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும், முன்னால் இருந்த சத்தம் சிலருக்குப் பின்னால் கேட்கும். அவர்களுடைய மடல் உங்களுடையதுபோல் இல்லை. அவர்கள் தலையைத் திருப்பினாலும் பதிவு திரும்பாது. மேளம் முன்னால் வரும் பதிவை விட, பக்கவாட்டில் கடக்கும் பதிவு எல்லோருக்கும் பிடிபடுவது இதனால்தான்.

பிற்சேர்க்கை: வெளிநாட்டு உறவினருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியபோது எல்லாம் நடுவில் கேட்கிறது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். குரல்செய்தியாக அனுப்பினால் அது மோனோ. கோப்பை Document ஆக அனுப்புங்கள். அதற்குப் பிறகும் நடுவிலேயே கேட்டால், கேட்பவரின் போனில் Accessibility அமைப்புக்குள் Mono audio ஒன் ஆகி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போனின் சரவுண்ட் விளைவுகளையும் நிறுத்தவேண்டும். அவை பதிவில் ஏற்கெனவே இருக்கும் தலையின் மறைப்பின்மேல் தங்களுடையதையும் பூசிவிடும்.